பிறந்தநாளுக்கு முந்தின நாள்

‘பிறந்த தேதியையும் இன்றைய தேதியையும் வாங்கி, நிறைவடைந்த வயதைச் சொல்லும் நிரல் எழுதுக.’ நிரலாக்கத்தின் முதல் தேர்வுகளில் வழக்கமாக வரும் கேள்வி இது. பார்க்க எளிது, மதிப்பெண் கைநழுவுவதோ இதில்தான் அதிகம்.

இரண்டு தேதிகளுக்கு இடையிலுள்ள நாட்களை எண்ணி 365ஆல் வகுப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. 15-8-2006 அன்று பிறந்தவருக்கு 15-8-2024 அன்றுதான் 18 நிறைகிறது. நடுவே ஐந்து பிப்ரவரி 29கள் வந்துபோயிருப்பதால், இந்தக் கணக்கு ஆகஸ்ட் 10ஆம் தேதியே அவருக்கு 18 என்று சொல்லிவிடும். சரி, 365.25ஆல் வகுத்தால்? 1-3-2022 அன்று பிறந்த குழந்தையின் முதல் பிறந்தநாளில் கழிந்திருப்பது 365 நாள். வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்தால் வயது பூஜ்யம்! கேக் வெட்டிய பிறகும் ஒரு வயது ஆகவில்லை.

நாட்களை எண்ணவே வேண்டாம். ஆண்டைக் கழித்துவிட்டு, இந்த வருடப் பிறந்தநாள் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது:

```python
if tm < bm or td < bd:
    age = age - 1
```

`tm`, `td` இன்றைய மாதமும் நாளும். `bm`, `bd` பிறந்த மாதமும் நாளும். 20-3-2005இல் பிறந்தவருக்கு 5-7-2025 அன்று வயது 20. மார்ச் எப்போதோ போய்விட்டது. ஆனால் 5 என்பது 20ஐவிடச் சிறியது என்பதால் நிரல் ஒன்றைக் கழித்து 19 என்கிறது. மாதம் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே நாளை ஒப்பிட வேண்டும்:

```python
age = ty - by
if tm < bm or (tm == bm and td < bd):
    age = age - 1
```

`ty`, `by` ஆண்டுகள். எழுதியது சரிதானா என்று பார்க்க, பிறந்தநாளுக்கு முந்தின நாள், பிறந்தநாள், பிறந்த மாதத்துக்கு அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஆகிய மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். `<` இருக்கவேண்டிய இடத்தில் `<=` போட்டிருந்தால் இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். மேலே சொன்ன `or` தவறு மூன்றாவதில் வெளிப்படும், ஒன்றாம் தேதியிலேயே பிறந்தவரையோ டிசம்பரில் பிறந்தவரையோ சோதனைக்கு எடுக்காதவரை.

இதுவரை லீப் வருட விதி தேவையே படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டியிருப்பது, கொடுத்த தேதி உண்மையில் உள்ள தேதிதானா என்று சரிபார்க்கத்தான். 4ஆல் வகுபட வேண்டும். நூற்றாண்டு வருடமானால் 400ஆலும் வகுபட வேண்டும். 4ஐ மட்டும் பார்க்கும் நிரல் 2000த்திலும் 2024இலும் தப்பித்துவிடும். 29-2-1900 என்று கொடுத்தால்தான் குட்டு உடையும், ஏனென்றால் அப்படி ஒரு நாளே இருந்ததில்லை.

பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கு லீப் அல்லாத வருடத்தில் வயது எப்போது கூடும்? நம் நிரல் மார்ச் 1 என்கிறது. ஹாங்காங் சட்டமும் அப்படியே. தைவானிலோ பிப்ரவரி 28. இரண்டில் எது என்பதைக் கேள்வித்தாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று நிரலின் மேலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.