யார் எழுதியது, எங்கிருந்து எழுதியது?

2002 ஜூன் மாதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக் கடலோரத்தில் அபலாச்சிகோலா என்றொரு சிற்றூர். அங்கே சிப்பி அள்ளிப் பிழைக்கும் படகுக்காரர்களின் தொழில் எப்படி நொடித்துக்கொண்டிருக்கிறது என்பதே கட்டுரையின் பொருள். மேலே ரிக் பிராக் என்ற பெயர், முதல் வரியின் தொடக்கத்தில் ஊரின் பெயர். பிராக் 1996-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். படித்த எவரும் அவரே அந்த ஊரில் தங்கி, படகில் ஏறி, அந்த மனிதர்களோடு பேசி எழுதினார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டு மே 23-ஆம் தேதி, அந்த நாளிதழே ஒரு குறிப்பை வெளியிட்டது. பிராக் அபலாச்சிகோலாவுக்குப் போனது உண்மை, ஆனால் சிறிது நேரமே அங்கே இருந்தார். களத்தில் ஆட்களைப் பார்த்துப் பேசித் தகவல் திரட்டியவர் ஜே. வெஸ் யோடர் என்ற இளைஞர். அவர் பெயரும் கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்றது அந்தக் குறிப்பு.

கட்டுரையில் இருந்த தகவல்கள் பொய் என்று யாரும் சொல்லவில்லை. எழுத்தும் பிராக்குடையதுதான். அப்படியானால் தவறு எங்கே? கட்டுரைக்கு வெளியே அச்சான இரண்டு சின்ன வரிகளில்.

எழுதியவரின் பெயர் தாங்கிய வரியைப் பத்திரிகை அலுவலகங்களில் பைலைன் என்பார்கள். செய்தியின் தலையில் நிற்கும் ஊர்ப்பெயர் டேட்லைன். செய்தி தபாலிலும் தந்தியிலும் வந்து சேர்ந்த காலத்தில், அது எழுதப்பட்ட தேதியும் வாசகருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் ஊரோடு தேதியும் சேர்ந்து நின்றது. இன்று பல இதழ்களில் தேதி உதிர்ந்துபோய், ஊர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. படத்தின் ஓரத்திலோ கட்டுரையின் கடைசியிலோ மற்றவர்களின் பங்கைச் சொல்லும் வரி கிரெடிட் லைன்.

இவற்றில் டேட்லைனைத்தான் வாசகர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சம்பவம் நடந்த ஊரை அது சொல்வதாகப் பலரும் நினைப்பதுண்டு. உண்மையில், செய்தி எந்த ஊரில் திரட்டப்பட்டது என்பதையே அது சொல்கிறது. அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) செய்தி நிறுவனம் இதில் கறாரான விதி வைத்திருக்கிறது. தகவல் திரட்டுவதற்காக அந்த ஊரில் இருந்த நிருபரின் பெயரையே அந்த ஊரின் டேட்லைனோடு சேர்த்துப் போடலாம். இரண்டு பேர் பெயர் போட்டு, அவர்களில் ஒருவர் வேறு ஊரில் இருந்திருந்தால், யார் எங்கே இருந்தார் என்பதைச் செய்தியின் கடைசியில் சொல்லிவிட வேண்டும். குறிப்பிடத்தக்க உதவி செய்திருந்தும் பைலைனில் சேர்க்கும் அளவுக்கு இல்லாதவர்களுக்கும் அந்தக் கடைசி வரியில் இடம் உண்டு. யோடரின் பெயர் அந்தக் கடைசி வரியில்கூட இல்லை.

ஊரைத் தொட்டுவிட்டு வந்தால் டேட்லைன் போட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கம் அமெரிக்க நிருபர்களிடையே ரகசியமாகவெல்லாம் இல்லை. உள்ளூர் உதவியாளர்களை நம்பி எழுதுவது சகஜம்தான் என்று பிராக் வாதிட்டார். சக நிருபர்கள் பலர் கொதித்துப்போய் அதை மறுத்தார்கள். இரண்டு வார இடைநீக்கத்தில் இருந்தவர், அது முடிவதற்குள் வேலையை விட்டார்.

அவர் மாட்டிக்கொண்ட நேரம் அப்படி. அதே மே மாதத் தொடக்கத்தில்தான் அந்த நாளிதழின் இன்னொரு நிருபர் ஜேசன் பிளேர் பதவி விலகியிருந்தார். பிராக் ஊரைத் தொட்டாவது வந்தார். பிளேர் அதுவும் செய்யவில்லை. இராக்கில் சிறைப்பட்ட ராணுவ வீராங்கனை ஜெசிக்கா லின்ச்சின் வீட்டிலிருந்து எழுதியதுபோல, மேற்கு வர்ஜீனியாவின் பாலஸ்தீன் என்ற ஊரை டேட்லைனாகப் போட்டிருந்தார். வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றால் புகையிலை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் தெரியும் என்று வர்ணித்தார். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் அப்படி எதுவும் தெரியாது. விசாரித்தபோது தொலைபேசிப் பதிவுகளும் செலவுக் கணக்கு ரசீதுகளும் காட்டிக்கொடுத்தன: வெளியூர் டேட்லைனில் செய்தி வந்த நாட்களில் அவர் நியூயார்க்கிலேயே இருந்திருக்கிறார். ஜூன் 5-ஆம் தேதி நிர்வாக ஆசிரியர் ஹோவெல் ரெய்ன்ஸும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஜெரால்டு பாய்டும் பதவி விலகினார்கள்.

பைலைனை எழுதியவருக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைக்கிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அது தண்டனைக்கு வசதியாகத்தான் வந்தது. படை நடமாட்டங்கள் செய்தித்தாள்களில் கசிவதைக் கண்டு எரிச்சலடைந்த தளபதி ஜோசப் ஹூக்கர், 1863-ல் தன் படையோடு வரும் நிருபர்கள் பெயர் போட்டே செய்தி அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே!

பெயர் போடாமல் இருப்பதும் ஒரு கொள்கையாகலாம். 1843-ல் தொடங்கிய ‘எக்கனாமிஸ்ட்’ வார இதழின் கட்டுரைகளில் இன்றும் பொதுவாகப் பெயர் இருக்காது. இதழே ஒரே குரலில் பேச வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் அந்த வழக்கத்தை 1967-ல் கைவிட்டது. தமிழ் நாளிதழ்களில் ‘நமது நிருபர்’, ‘சிறப்பு நிருபர்’ என்று வருவது நடுவழி: செய்தி நம் ஆள் திரட்டியது, வெளி நிறுவனத்திடம் வாங்கியதல்ல, ஆனால் ஆள் யார் என்று சொல்லவில்லை. அரசுக் குறிப்பையோ நிறுவன அறிக்கையையோ சுருக்கி வெளியிடும்போது பெயர் இல்லாமல் விடுவது நியாயம். அதை யாரும் போய்த் திரட்டவில்லை.

படத்துக்கும் இதே கணக்குதான். புகைப்படக்காரரின் பெயரோ செய்தி நிறுவனத்தின் பெயரோ இருந்தால், அவர்கள் தரப்பில் எடுத்த படம். ஓர் அமைச்சகமோ சினிமாக் கம்பெனியோ கொடுத்தது என்றால், படத்தில் எதைக் காட்டுவது என்று முடிவு செய்தவர்கள் அவர்களே. ‘கோப்புப் படம்’ என்றிருந்தால் படம் பழையது. இன்றைய செய்திக்குச் சாட்சி அல்ல.

பெயரை மறைத்தது ஓர் உயிரைக் காப்பதற்காக என்றால்? 1979 ஆகஸ்ட் 27. ஈரானின் சனந்தாஜ் விமான நிலையத்தில் 11 பேரை நிற்கவைத்துச் சுட்டார்கள். ‘எத்தலாஅத்’ நாளிதழின் புகைப்படக்காரர் ஜஹாங்கீர் ரஸ்மி அதைப் படமெடுத்தார். புதிய ஆட்சி அவரை என்ன செய்யுமோ என்று அஞ்சிய ஆசிரியர், பெயர் இல்லாமலே படத்தை அச்சிட்டார். யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல் (யு.பி.ஐ.) நிறுவனம் அதை உலகெங்கும் அனுப்பியது. 1980-ல் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. வென்றவர் ‘பெயர் குறிப்பிடப்படாத புகைப்படக்காரர்’. அந்தப் பரிசின் வரலாற்றில் பெயரில்லாமல் வென்றவர் அவர் ஒருவரே.

ரஸ்மி ஈரானிலேயே வாழ்ந்தார், வாய் திறக்கவில்லை. 2006 டிசம்பரில் அவர் சம்மதத்தோடு ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பெயரை வெளியிட்டது. எழுதியவர் ஜோஷுவா பிரேகர். அந்தச் செய்தியில் அவர் பெயர் மேலேயே இருந்தது. அடுத்த ஆண்டு ரஸ்மி நியூயார்க் சென்று பரிசைப் பெற்றுக்கொண்டார்.