கேள்விக்கு ஒரு காவல், பதிலுக்கு ஒரு காவல்

வேதி ஆயுதம் செய்யும் வழியைச் சாட்பாட்டிடம் நேரடியாகக் கேட்டால் மறுத்துவிடும். கதையாகவோ சங்கேதமாகவோ மாற்றிக் கேட்டு அதை ஏமாற்றுபவர்கள் உண்டு. இதைத் தடுக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் கிளாட் மாடலுக்கு முன்னும் பின்னும் வடிகட்டி வைத்துச் சோதித்து, 2025 தொடக்கத்தில் முடிவை வெளியிட்டது.

முதல் வடிகட்டி கேள்வியைப் படிக்கிறது. இரண்டாவது, பதில் வெளிவர வெளிவரப் படித்து, ஆபத்து தெரிந்தால் பாதியிலேயே நிறுத்துகிறது. கேள்வி அப்பாவித்தனமாக இருந்தாலும் பதில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொன்றும் ஆபத்துக்கு ஒரு மதிப்பெண் போடும். எந்த மதிப்பெண்ணில் தடுப்பது? எல்லையைத் தாழ்த்தினால், பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஏன் கலக்கக்கூடாது என்று கேட்கும் சாதாரண மனிதரும் தடுக்கப்படுவார். உயிர்காக்கும் எச்சரிக்கை அவருக்குக் கிடைக்காது. உயர்த்தினாலோ விஷமி நழுவிவிடுவான்.

சோதனையில், 10,000 ஏமாற்றுக் கேள்விகளில் காவலின்றி 86 சதவீதம் வென்றன, காவலுடன் 4.4 சதவீதம்தான். வழக்கமான உரையாடல்களில் மறுப்பு 0.38 சதவீதப் புள்ளி கூடியது, அதாவது லட்சத்துக்கு 380. கணினிச் செலவும் சுமார் 24 சதவீதம் ஏறியது.

ஆயுத விஷயத்தில் இந்த விலை தகும். ரயில் நேரம் சொல்லும் சாட்பாட்டுக்கு இத்தனை கெடுபிடி வேண்டாம். அங்கே ஒரு வசவுச் சொல் நழுவுவதைவிட, பயணி பதிலின்றித் திரும்புவதே பெரிய நஷ்டம்.