முள் நூறில் நிற்கிறது, எத்தனை மணி நேரம் வரும்?

வீட்டுக்கோ ஆம்புலன்ஸுக்கோ வாடகைக்குக் கிடைக்கும் நடுத்தர ஆக்சிஜன் சிலிண்டரை ‘பி டைப்’ என்பார்கள். அதன் கொள்ளளவு 10 லிட்டர். பத்து லிட்டர் ஆக்சிஜன்தானா என்று பயப்பட வேண்டாம். அது உள்ளே ஊற்றினால் பிடிக்கும் தண்ணீரின் அளவு. வாயுவை அழுத்தி அடைப்பதால், 150 கிலோ அழுத்தத்தில் நிரப்பிய சிலிண்டரிலிருந்து சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும். கொள்ளளவை மீட்டர் காட்டும் அழுத்தத்தால் பெருக்கினால் போதும், கணக்கில் பாதி முடிந்தது.

விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு ஒரு நோயாளியைக் கூட்டிப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் சொன்ன அளவு நிமிடத்துக்கு 5 லிட்டர். வால்வைத் திறந்தால் முள் 100-இல் நிற்கிறது. இதில் 20 கிலோவை முதலிலேயே கழித்துவிடுங்கள். அடுத்த சிலிண்டர் மாட்டும் வரை தாங்க வேண்டிய கையிருப்பு அது. மீதி 80. அதைப் பத்தால் பெருக்கினால் 800 லிட்டர். ஐந்தால் வகுத்தால் 160 நிமிடம், அதாவது 2 மணி 40 நிமிடம். பயணமோ மூன்று மணி நேரம். தாம்பரத்தில் நெரிசல் என்றால் இன்னும் கூடும். கையிருப்பு இன்னொரு 40 நிமிடம் தரும் என்றாலும் அதை நம்பிக் கிளம்பக் கூடாது. இரண்டாவது சிலிண்டர் வேண்டும்.

வழியில் மூச்சுத் திணறி, அளவை 10 லிட்டருக்கு ஏற்ற வேண்டி வந்தால் அதே 800 லிட்டர் 80 நிமிடத்தில் தீரும். இதற்குப் பயந்து சிலர் தாங்களாகவே அளவைக் குறைக்கிறார்கள். சிலிண்டர் நீடிக்கும், நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

மீட்டரைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில மீட்டர்களில் எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை பிஎஸ்ஐ அளவு. பதினான்கால் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கணக்கு வந்துவிடும். 1,400 என்று கண்டால் 100 என்று கொள்ளுங்கள். ஃப்ளோமீட்டரில் மிதக்கும் குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டுக்கு நேராக நிற்கிறதோ அதுதான் நிமிட அளவு. கண்ணைக் குண்டுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தும் சிலிண்டர் முன்னதாகவே தீர்ந்தால், பெரும்பாலும் இணைப்பில் கசிவு இருக்கும். இதை அரை மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கலாம். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் முப்பது நிமிடத்தில் போவது 150 லிட்டர். பத்து லிட்டர் சிலிண்டரில் முள் 15 கிலோ இறங்க வேண்டும். 25 இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. ரெகுலேட்டர் இணைப்பில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வை மூடி, இணைப்பைக் கழற்றி வாஷரைச் சரிபார்த்து மாட்டுங்கள். இறுக்கமாக இருக்கிறதே என்று எண்ணெயோ கிரீஸோ மட்டும் போட்டுவிடாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் அது தீப்பிடிக்கும்.