சித்தியின் பயோடேட்டா

எழுதத் தயங்கும் உறவினருக்குப் பயோடேட்டா தயாரிக்கும்போது, ‘என்ன வேலை பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் ஒற்றை வரிதான் பதிலாக வரும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினொரு ஆண்டுகள் இருந்த ஒரு சித்தி, “செக்கிங்தான் பார்த்தேன், வேறென்ன” என்பார். அவர் பொய் சொல்லவில்லை; தினமும் செய்தது வேலையாகவே அவருக்குத் தோன்றுவதில்லை.

அதனால் ஒரு நாளை, காலையில் கம்பெனிக்குள் நுழைந்தது முதல் வரிசையாகச் சொல்லச் சொல்வது நல்லது. “நீங்க லீவு போட்டா என்ன நின்னுபோகும், சித்தி?” என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலும் புதையல் கிடைக்கிறது. “புதுப் பொண்ணுங்களுக்குப் பீஸ் பார்க்கச் சொல்லித்தர ஆள் இருக்காது. ஆல்ட்டர் கணக்கு நோட்டும் நான்தான் எழுதுவேன்.” எத்தனை பேர் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணி, “ஆறு பேர்” என்கிறார்.

பயோடேட்டாவில் இது இப்படி வரும்: ‘புதிய செக்கிங் பணியாளர்கள் 6 பேருக்குப் பயிற்சி அளித்தேன், திருத்தத்துக்கு அனுப்பிய துணிகளின் பதிவேட்டைப் பராமரித்தேன்.’

பேச்சைப் போனில் பதிவுசெய்தால் அவருடைய சொற்கள் தப்பாது. சேர்ந்த, விலகிய தேதிகளை நினைவை நம்பி எழுதாமல் பி.எஃப். கணக்கில் சரிபார்க்க வேண்டும். உறுதியில்லாத எண்ணை விட்டுவிடலாம்.

கடைசியில் ஒவ்வொரு வரியையும் வாசித்துக்காட்ட வேண்டும். அவர் தன் வாயால் விளக்க முடியாத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் நேர்காணலில் அவரைத் திணறவைக்கும். அதை அடித்துவிட வேண்டும்.