பிஹெச் மாறினால் கிட்னி கல் கரையுமா? டெல்டா வெயில் சொல்லும் கணக்கு

வழக்கமான ஆண்டில் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்ததும் தஞ்சை டெல்டாவில் குறுவை நடவு சூடுபிடிக்கும். நாள் முழுக்கத் தண்ணீரில்தான் நிற்கிறார்கள், ஆனால் குடிப்பதோ குறைவு. வயலோரம் ஒதுங்க இடமில்லை என்பதாலேயே தண்ணியை அளந்து குடிக்கும் பெண்கள் உண்டு. கிட்னி கல்லின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு, நடவு வேலை செய்யும் ஒரு பெண். வியர்வையில் போனது போக, 24 மணி நேரத்தில் அவருக்கு வரும் சிறுநீர் 1 லிட்டர்தான். அதில் கால்சியம் 200 மில்லிகிராம், ஆக்சலேட் 30 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே நார்மல் அளவுதான். அப்போ பிரச்னை எங்கே?

கால்சியம் ஆக்சலேட் சாதா தண்ணீரில் லிட்டருக்கு 6, 7 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். சிறுநீரில் உள்ள சிட்ரேட்டும் மெக்னீசியமும் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அதைவிட அதிகமாகத் தாங்குகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. தாண்டினால் படிகம்தான்.

அதே பெண்ணுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் போனால், கால்சியம், ஆக்சலேட் இரண்டின் அடர்த்தியும் தனித்தனியாக இரண்டரை மடங்கு குறையும். படிகம் உருவாவது இரண்டின் பெருக்கல் தொகையைப் பொறுத்தது. 2.5 × 2.5, அதாவது சுமார் 6 மடங்கு குறைவு! சிட்ரேட்டும் சேர்ந்து நீர்த்துப்போவதால் நிஜத்தில் பலன் இதைவிடக் கொஞ்சம் கம்மி. ஆனாலும் பெரிய வித்தியாசம்.

இத்தாலியில் முதல்முறை கல் வந்த 199 பேரை 5 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1996-ல் வெளியானது. நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12% பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது. மற்றவர்களில் அது 27%.

சரி, பிஹெச்? யூரிக் ஆசிட் கல்லுக்கு அது ரொம்ப முக்கியம். 5.5-க்குக் கீழே போனால் உருவாகும், காரமாக்கினால் கரையவும் செய்யும். ஆக்சலேட் விஷயம் வேறு. பிஹெச் 5-லேயே அதன் பெரும்பகுதி கால்சியத்தோடு சேரத் தயாராகத்தான் இருக்கிறது. 7-க்கு ஏற்றினாலும் பெரிதாக எதுவும் மாறாது. உருவான கால்சியம் ஆக்சலேட் கல்லை வாழைத்தண்டு ஜூஸும் கரைக்காது, சிரப்பும் கரைக்காது.

அப்புறம் டாக்டர் ஏன் பொட்டாசியம் சிட்ரேட் எழுதித் தருகிறார்? சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், புதுக் கல் உருவாவது குறையும். அதற்காகத்தான். ஆனால் சிறுநீர் ரொம்பக் காரமாகி பிஹெச் 6.5-ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் கல் வரலாம். அதனால் பரிசோதனை இல்லாமல் சிரப் குடிப்பது ரிஸ்க். சமையல் சோடா இன்னும் மோசம், அதிலுள்ள சோடியம் சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும்.

எவ்வளவு குடிக்கணும் என்பதைவிட எவ்வளவு போகுது என்பதுதான் கணக்கு. இலக்கு, நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர். லேப்பில் 24 மணி நேர சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தால் துல்லியமாகத் தெரியும். வீட்டில் நிறமே போதும்: அடர் மஞ்சள் என்றால் பத்தவில்லை. ராத்திரிதான் சிறுநீர் அதிகம் அடர்த்தியாகும் என்பதால் படுக்கும் முன்பும் ஒரு டம்ளர். இதய, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது. விலாவில் வலியோடு காய்ச்சலும் வந்தால் தண்ணீர் குடித்துக் காத்திருக்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரி.