ஓடிபி கேட்காத கடையும் கார்டு ஆப்பில் இருக்கும் சுவிட்சும்

நள்ளிரவில் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது. ஒரு டாலருக்கு உங்கள் கார்டில் வந்த பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது, வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்டிருப்பதே காரணம் என்கிறது அது. காலையில் பார்ப்பவர்களில் பலர் "பணம்தான் போகவில்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாத செய்தி அது. கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்க எண் ஆகியவை வேறு யார் கையிலோ சிக்கியிருக்கலாம். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, திருடர்கள் முதலில் சிறு தொகையைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அது நிறைவேறினால் பெரிய தொகை பின்னாலேயே வரும்.

ஓடிபி இல்லாமல் எப்படிப் பணம் எடுக்க முடியும் என்ற கேள்வி எழும். இந்திய இணையக் கடைகளில் கார்டு எண்ணைக் கொடுத்த பிறகு ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். அது ரிசர்வ் வங்கி இங்கே வகுத்த விதி. வெளிநாட்டுக் கடைக்காரரை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லை. அவர்களில் பலர் கார்டு எண்ணையும் மூன்று இலக்கத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டு தொகையை எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டு வணிகர் சரிபார்ப்பு கேட்டால் அதைச் செய்துதரும் ஏற்பாடு 2026 அக்டோபர் 1-க்குள் இருக்க வேண்டும் என்று இந்திய வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் கேட்காத வணிகரிடம் அந்த ஏற்பாட்டால் பயனில்லை. அந்த இடத்தில் கார்டுக்காரர் கையில் இருக்கும் பூட்டு, கார்டு ஆப்பில் உள்ள சுவிட்ச்தான்.

இந்தச் சுவிட்சுகள் வங்கிகள் விரும்பிக் கொடுத்த வசதி அல்ல. 2020 ஜனவரி 15 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையிலிருந்து பிறந்தவை. புதிய கார்டோ மாற்றுக் கார்டோ வரும்போது இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் செருகிப் பயன்படுத்த மட்டுமே அது திறந்திருக்க வேண்டும். இணையம், தட்டிச் செலுத்துவது, வெளிநாடு மூன்றையும் வாடிக்கையாளர்தான் திறந்துகொள்ள வேண்டும். மாற்றும் வசதி 24 மணி நேரமும் கிடைக்க வேண்டும். மாற்றம் நடந்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும். கார்டு புதுப்பித்து வந்ததும் "ஆன்லைனில் வேலை செய்யவில்லை" என்று பலர் வங்கிக்கு ஓடுவதற்குக் காரணம் இதுதான். கார்டில் பழுது எதுவும் இல்லை, சுவிட்ச் அணைந்திருக்கிறது.

வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குள் போனால் Manage Card என்பது போன்ற ஒரு பெயரில் இவை இருக்கும். பெயர் வங்கிக்கு வங்கி மாறும். பெரும்பாலும் உள்நாடு, வெளிநாடு என்று இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் ஏடிஎம், கடை, இணையம், தட்டுவது என்று தனித்தனிச் சுவிட்ச், பக்கத்திலேயே உச்சவரம்பு. இந்த உச்சவரம்பைப் பலர் தொடுவதே இல்லை. இணையத்தில் மாதம் சில ஆயிரத்துக்கு மேல் வாங்காதவருக்கு ஒரு லட்சம் வரை திறந்து கிடப்பதால் என்ன பயன்? தேவைக்கு மட்டும் குறைத்து வைத்தால், எங்காவது ஓட்டை விழுந்தாலும் இழப்பு அந்த அளவோடு நிற்கும்.

வெளிநாடு என்பது கார்டுக்காரர் நிற்கும் ஊரைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். இணையத்தில் கணக்கு வேறு: கடைக்காரரின் வங்கி எந்த நாட்டில் இருக்கிறதோ அதை வைத்தே கார்டு நிறுவனம் முடிவு செய்கிறது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு மென்பொருளுக்குச் சந்தா கட்டினாலும் அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான். விலை ரூபாயில் தெரிந்தாலும் அப்படி இருக்கலாம். கட்டணம் நிராகரிக்கப்பட்டால் கார்டை மாற்றி மாற்றி முயல்வதற்கு முன்பு இந்தச் சுவிட்சைப் பார்ப்பது நல்லது.

திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் சிங்கப்பூர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விடுதியை வெளிநாட்டுத் தளத்தில் பதிவு செய்யும் அன்று வெளிநாட்டு இணையச் சுவிட்சை மட்டும் திறந்து, விடுதிக் கட்டணத்தை ஒட்டி உச்சவரம்பு வைத்து, பணம் போனதும் அணைத்துவிடலாம். பயணத்துக்கு முந்தைய நாள் வெளிநாட்டுக் கடை, தட்டுவது இரண்டையும் திறக்க வேண்டும். ஏடிஎம்மில் பணம் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் திறக்கலாம். இதையெல்லாம் ஊரிலேயே செய்துவிடுவதே புத்திசாலித்தனம். அங்கே இறங்கியபின் ரோமிங் வேலை செய்யாமல் போனால், ஆப்புக்குள் நுழைய வரவேண்டிய ஓடிபி வராமல் திண்டாட நேரும்.

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வெளிநாட்டு கார்டையே தட்டிப் பயணிக்கலாம். அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் உடனே பணம் எடுப்பதில்லை. கட்டணங்களைச் சேர்த்துவைத்துப் பிறகுதான் வங்கிக்கு அனுப்புகிறார்கள். திருச்சியில் விமானம் இறங்கிய நிமிடமே எல்லாவற்றையும் அணைத்துவிட்டால், பின்னால் வரும் அந்தத் தொகை நிராகரிக்கப்பட்டு, பாக்கி என்று நிற்கலாம். ஏடிஎம், இணையம் இரண்டையும் உடனே அணைத்துவிட்டு, மற்றவற்றை அந்தக் கட்டணம் கணக்கில் ஏறியபிறகு அணைப்பதே சரி.

தட்டிச் செலுத்தும் வசதியைப் பற்றி உள்ள அச்சம் அளவுக்கு மீறியது. நெரிசலில் யாரோ இயந்திரத்தை உரசிப் பணம் எடுத்துவிடுவார் என்பார்கள். கார்டை இயந்திரத்துக்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்தால்தான் அது படிக்கும். இயந்திரம் யாருடையது என்பது வங்கிப் பதிவிலும் இருக்கும். உண்மையான ஆபத்து கார்டு தொலைவதில் இருக்கிறது. இந்தியாவில் பின் இல்லாமல் தட்டும் உச்சவரம்பு 2,000 ரூபாயாக இருந்தது, 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய். கண்டெடுத்தவர் சில கடைகளில் அடுத்தடுத்துத் தட்டினாலே கணிசமான தொகை போய்விடும். தட்டும் பழக்கமே இல்லாத பெரியவர்களின் கார்டில் இதை அணைத்து வைப்பதால் எந்தச் சிரமமும் வராது.

சுவிட்சை அணைப்பதும் கார்டை முடக்குவதும் ஒன்றல்ல. ஏற்கெனவே அனுமதி பெற்ற தொகையைச் சுவிட்ச் திரும்பக் கொண்டுவராது. கார்டு விவரம் வெளியே போனது தெரிந்தபின் சுவிட்சை நம்பி அதே எண்ணை வைத்திருக்கவும் கூடாது, ஏனென்றால் அடுத்த பயணத்துக்குத் திறக்கும் நாளில் அந்த எண் திருடனிடமும் இருக்கும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவரை நம்பினாலும் சுவிட்ச் உதவாது; உங்களைக் கொண்டே அதைத் திறக்க வைத்துவிடுவார். நீங்கள் செய்யாத மாற்றத்துக்குச் செய்தி வந்தால் யாரோ உங்கள் கணக்குக்குள் இருக்கிறார் என்று பொருள்.

நிராகரிப்புச் செய்தி வந்தால், ஆப்பிலேயே கார்டை முடக்கிப் புது எண்ணில் கார்டு கேளுங்கள். பணமே போயிருந்தால், அன்றே வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தவறு உங்கள் பக்கமோ வங்கி பக்கமோ இல்லாமல் வெளியாரால் நடந்திருந்து, வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்திருந்தால் இழப்பு உங்களைச் சேராது. அதோடு சைபர் மோசடிக்கான 1930 என்ற எண்ணையும் உடனே அழையுங்கள்.