குட்டி யானையை எப்போது விற்பது?

"போன மாசம்தான் எழுபதாயிரம் போட்டு எஞ்சின் வேலை பார்த்தேன். இப்பப் போய் எப்படிண்ணே விக்கிறது?" தண்ணீர் கேன், சிலிண்டர், மளிகை என்று சரக்கு போடும் குட்டி யானை பழசானதும் பலரும் சொல்வது இதுதான். அந்த எழுபதாயிரம் வண்டியை வைத்திருந்தாலும் போனதுதான், விற்றாலும் போனதுதான். அதனால் அடுத்த வருடப் பட்டறைச் செலவு எவ்வளவு குறையும், புரோக்கர் எவ்வளவு கூட்டிக் கொடுப்பார் என்பது மட்டுமே இனி கணக்கு. புரோக்கர் பெரும்பாலும் கூட்டமாட்டார்.

வண்டியை இன்னும் ஒரு வருடம் ஓட்ட ஆகும் செலவு இரண்டு. ஒன்று, அந்த வருடப் பட்டறை பில். மற்றது, அந்த வருடத்தில் விலையில் இறங்கும் தொகை. பில் கையில் இருந்து போவதால் வலிக்கிறது. விலை இறங்குவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு கணக்குக்கு, வண்டியின் விலை 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் விலை 1,20,000 இறங்குகிறது, பட்டறைக்கு 15,000, ஆக 1,35,000. இரண்டு, மூன்று, நான்காம் வருடங்களில் விலை இறக்கம் குறைய, பட்டறைச் செலவு அதே அளவு ஏற, வருடத்துக்கு 1,05,000 ஆகிறது. ஐந்தாம் வருடம் 45,000 இறக்கம், 65,000 பட்டறை, 1,10,000. ஐந்து வருடத்தையும் கூட்டிச் சராசரி பார்த்தால் வருடத்துக்கு 1,12,000.

ஆறாம் வருடம் இறக்கம் 35,000தான். ஆனால் பட்டறைக்கு 85,000. மொத்தம் 1,20,000. இது சராசரியைத் தாண்டிவிட்டது. புதுவண்டியும் இதே போக்கில் போகும் என்றால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதற்காகப் பதற வேண்டாம். ஆறு வருடம் ஓட்டினாலும் சராசரி 1,13,000 சொச்சம்தான். எட்டாம் வருடம் 20,000 இறக்கமும் 1,40,000 பட்டறையும் வரும்போதுதான் வருடத்துக்கு 48,000 வீணாகக் கொட்டுகிறோம்.

பட்டறைக் கணக்கில் பலர் விட்டுவிடுவது வண்டி நின்ற நாட்கள். அன்று வாடகை வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்ததையும் மைலேஜ் குறைந்து கூடுதலாக ஊற்றிய டீசலையும் பில்லோடு சேர்க்க வேண்டும். கடனில் வாங்கும் புதுவண்டி என்றால் வட்டியையும் புதுவண்டிப் பக்கம் ஏற்ற வேண்டும்; அப்போது பழைய வண்டிக்கு இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கலாம்.

விலை இறக்கத்தை அறிய ஒரு வழி உண்டு. நம் வண்டி இன்று என்ன போகும், அதே கண்டிஷனில் ஒரு வருடம் பழைய மாடல் என்ன போகும் என்று புரோக்கரிடம் இரண்டு விலை கேட்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அடுத்த வருட இறக்கம். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம் எடுக்க வேண்டும் என்பதால், டிங்கரிங், பெயிண்ட் செலவும் அடிக்கடி வரும். பெரிய வேலை வந்தால் எஞ்சினைப் பிரிக்கச் சொல்வதற்கு முன்பே இந்த இரண்டு விலையும் கையில் இருக்க வேண்டும். பிரித்துப் போட்ட வண்டிக்குப் புரோக்கர் இரும்பு விலைதான் சொல்வார்.